இன்சுலின் குமிழி: கோல்கியிலிருந்து செல்லின் விளிம்புவரை

கணையத்தின் பீட்டா செல் ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 10,000 நுண்குமிழிகள் இருக்கின்றன. மெல்லிய சவ்வால் ஆன சிறு பைகள் இவை. ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 300 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் மூவாயிரம் குமிழிகளை வரிசையாக அடுக்கிவிடலாம். அவ்வளவு சிறிய பைக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இன்சுலின் மூலக்கூறுகள் அடைபட்டிருக்கின்றன. சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குச் சில நிமிடங்களே பிடிக்கும். ஆனால் ஓர் இன்சுலின் மூலக்கூறை முதலிலிருந்து செய்து முடிக்க மணிக்கணக்காகிறது. அதனால் பீட்டா செல் பசிக்கும்போது உலை வைக்கிற வீடாக இல்லாமல், எப்போதோ சமைத்துப் பொதிந்து வைத்த பைகளை வேளை வரும்போது திறந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பை ஒன்று உருவாகும் இடத்திலிருந்து திறக்கும் இடம்வரை செல்லும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் தூரத்துக்குள் நடப்பவை ஏராளம்.

குமிழி பிறப்பதற்கு முன்பே அதன் சரக்கு ஒரு பாதி வழியைக் கடந்து வந்திருக்கிறது. இன்சுலினுக்கான மரபுக் கட்டளையைப் படித்து ரைபோசோம் கோக்கும் சங்கிலியில் 110 அமினோ அமிலங்கள் இருக்கும். அதன் முன்னுனியில் உள்ள 24 அமினோ அமிலங்கள் முகவரிச் சீட்டு போன்றவை. சங்கிலியை எண்டோபிளாச வலைக்குள் இழுத்துச் சென்றதும் அந்தச் சீட்டு கிழிக்கப்படுகிறது. மீதமுள்ள 86 அமினோ அமிலங்களும் அங்கேயே மடிந்து, மூன்று கந்தகப் பிணைப்புகளால் இறுகி, புரோஇன்சுலின் என்ற உருவம் பெறுகின்றன. சரியாக மடியாதவை அங்கேயே தடுத்து நிறுத்தப்படும். தேறியவை சின்னஞ்சிறு பைகளில் ஏறிக் கோல்கிக்கு வந்து சேர்கின்றன.

இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்கி 1898இல் நரம்புச் செல்களுக்குள் கண்ட வலைப்பின்னல் இது. தட்டையான தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் தோன்றும். இது உண்மையான உறுப்பா, சாயம் ஏற்றியதால் வந்த கறையா என்ற வாதம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபிறகே ஓய்ந்தது. புரதங்கள் இதன் வழியாகத்தான் வெளியேறுகின்றன என்பதை 1960களில் ஜார்ஜ் பலாடியும் ஜேம்ஸ் ஜேமிசனும் காட்டினார்கள். கினிப்பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தைச் சில நிமிடங்கள் மட்டும் ஊட்டி, பிறகு சாதாரண அமினோ அமிலத்துக்கு மாற்றி, கதிரியக்கம் செல்லுக்குள் எங்கே நகர்கிறது என்று நேரம் வைத்துப் பார்த்தார்கள். முதலில் எண்டோபிளாச வலை, அடுத்து கோல்கி, கடைசியில் குமிழிகள் என்று அது வரிசை தவறாமல் நகர்ந்தது. அவர்கள் பார்த்தவை செரிமான நொதிகளைச் சுரக்கும் செல்கள். ஆனால் அதே உறுப்பில் இருக்கும் பீட்டா செல்லிலும் வழி இதுவே. பலாடிக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது.

கோல்கியின் கடைசித் தட்டு ஒரு பிரிவினைக் கூடம். உயிரணுவின் குப்பைக்கிடங்கான லைசோசோமுக்குப் போக வேண்டியவை ஒரு பக்கம், உடனுக்குடன் வெளியேற வேண்டியவை இன்னொரு பக்கம், சேமித்து வைக்க வேண்டிய ஹார்மோன்கள் வேறொரு பக்கம் என்று சரக்கு இங்கே பிரிகிறது. புரோஇன்சுலின் மூலக்கூறுகள் இங்கே நெருக்கமாகத் திரள்கின்றன. திரண்ட இடத்தில் சவ்வு புடைத்து, மொட்டுவிட்டு, கழுத்து குறுகி, தனியே கழன்று விழுகிறது. அப்படி விழுந்த இளங்குமிழியின் வெளிப்புறத்தில் கிளாத்ரின் என்ற புரதம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். சங்கிலியைக் கோக்கத் தொடங்கியதிலிருந்து இதுவரை சுமார் முக்கால் மணி நேரம் கழிந்திருக்கும்.

இந்த இளங்குமிழிக்குள் இன்சுலின் இன்னும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. இருப்பது புரோஇன்சுலின். இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றலில் அது இன்சுலினுக்குப் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஹார்மோன் ஹார்மோனாக ஆவதே வழியில், குமிழிக்குள்தான். ஆகவே குமிழியை வெறும் பார்சல் பை என்று நினைப்பது தவறு. நகர்ந்துகொண்டே வேலை செய்யும் பட்டறை என்பதே பொருத்தம்.

புரோஇன்சுலின் என்ற ஒன்று இருப்பதே 1967 வரை உலகுக்குத் தெரியாது. இன்சுலினில் இரண்டு சங்கிலிகள் உண்டு. அவற்றைச் செல் தனித்தனியே செய்து பிறகு இணைக்கிறது என்றே பலரும் கருதினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் டொனால்டு ஸ்டைனர், ஒரு நோயாளியின் கணையத்திலிருந்து அகற்றப்பட்ட, இன்சுலினை மிகையாகச் சுரக்கும் கட்டியின் துண்டுகளைக் கதிரியக்க அமினோ அமிலத்தில் வைத்துப் பார்த்தார். இன்சுலின் தென்படுவதற்கு முன்பே அதைவிடப் பெரிய புரதம் ஒன்று தென்பட்டது. நேரம் செல்லச் செல்ல அந்தப் பெரிய புரதம் குறைய, இன்சுலின் கூடியது. ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பது அப்படித்தான் வெளிப்பட்டது.

குமிழிக்குள் மாற்றத்தைத் தொடங்கி வைப்பது புளிப்பு. குமிழியின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரத எந்திரம், ஏடிபி என்ற எரிபொருளைச் செலவிட்டு, ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் உள்ளே தள்ளுகிறது. கோல்கியை விட்டுக் கிளம்பும்போது ஆறுக்குச் சற்று மேல் இருக்கும் பிஎச் அளவு, போகப் போக ஐந்தரைக்கும் கீழே இறங்குகிறது. வெட்டும் நொதிகள் புரோஇன்சுலினுடன் அதே பையில்தான் ஏறி வந்திருக்கின்றன. ஆனால் உள்ளே புளிப்பு ஏறி, கால்சியமும் போதிய அளவு சேர்ந்த பிறகே அவை முழு மூச்சாக வேலையில் இறங்கும். உறையில் இட்ட கத்திகளைச் சரக்கோடு கட்டி அனுப்பி, உரிய இடத்தில் உறை கழலும்படி செய்வதற்கு ஒப்பானது இந்த ஏற்பாடு. முன்னதாகவே, கோல்கியில் வெட்டத் தொடங்கினால் வேறு சரக்குகளும் சிதைந்துவிடும்.

வெட்டு இரண்டு இடங்களில் விழுகிறது. புரோகன்வர்ட்டேஸ் எனப்படும் நொதிகள் 86 அமினோ அமிலச் சங்கிலியின் நடுப்பகுதியை இரு முனையிலும் நறுக்குகின்றன. நறுக்கிய முனைகளில் துருத்திக்கொண்டு நிற்கும் நான்கு அமினோ அமிலங்களை வேறொரு நொதி செதுக்கி எடுத்துவிடுகிறது. கணக்கு சரியாக வருகிறது: 30 அமினோ அமிலங்கள் கொண்ட பி சங்கிலி, 21 கொண்ட ஏ சங்கிலி, இடையிலிருந்து கழன்று வந்த 31 கொண்ட சி-பெப்டைடு, கழிவாகப் போன நான்கு, கூட்டினால் 86. ஏ, பி சங்கிலிகள் கந்தகப் பிணைப்புகளால் கட்டப்பட்டே இருப்பதால் பிரிந்து போவதில்லை. அந்த ஜோடிதான் இன்சுலின். நடுவில் இருந்த சி-பெப்டைடின் முதன்மையான பணி, இரு சங்கிலிகளும் சரியான நிலையில் மடிந்து பிணையும்வரை அவற்றைப் பிடித்து வைத்திருந்ததே. கட்டடம் எழும்பியதும் சாரம் அவிழ்வதுபோல் அது அவிழ்ந்துவிடுகிறது.

இந்த மாற்றம் கோல்கியில் அல்ல, கிளாத்ரின் ஒட்டிய இளங்குமிழியில் நடக்கிறது என்பதை 1985இல் ஜெனீவாவில் லேலியோ ஓர்சியும் அவருடன் பணியாற்றியவர்களும் நிறுவினார்கள். புரோஇன்சுலினில் மட்டும் ஒட்டக்கூடிய எதிர்ப்பொருளைத் தயாரித்து, அதில் தங்கத் துகள்களைப் பூட்டி, செல்லின் மெல்லிய சீவல்களில் விட்டார்கள். கோல்கியிலும் இளங்குமிழிகளிலும் கரும்புள்ளிகள் நிறைந்து தெரிந்தன. முதிர்ந்த குமிழிகளில் அவை அநேகமாக இல்லை.

வெட்டு முடிந்த பிறகு துத்தநாகம் வருகிறது. குமிழியின் சவ்வில் இசட்என்டி8 என்ற புரதம் துத்தநாக அயனிகளை உள்ளே ஏற்றுகிறது. இரண்டு துத்தநாக அயனிகளை மையமாக வைத்து ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் வட்டமாகச் சேர்கின்றன. ஐந்தரை பிஎச்சில் இன்சுலின் கரைந்து நிற்க முடியாது. இந்த அறுவர் குழுக்கள் ஒன்றின் பக்கத்தில் ஒன்று அடுக்கப்பட்டுப் படிகமாகிவிடுகின்றன. குமிழிக்குள் இவ்வளவு இன்சுலினை அடைக்க முடிவதும், அது நாள்கணக்கில் கெடாமல் இருப்பதும் படிகமாக உறைவதால்தான். டோரதி ஹாட்ஜ்கின் பல பத்தாண்டு உழைப்புக்குப் பிறகு 1969இல் எக்ஸ்கதிர் கொண்டு கண்டறிந்த இன்சுலின் வடிவம் இந்தத் துத்தநாக அறுவர் குழுவே.

எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் முதிர்ந்த இன்சுலின் குமிழியை ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு எங்கும் அடையாளம் கண்டுகொள்வார்கள். நடுவில் கரியதொரு கரு. சில படங்களில் அது வட்டமாக இல்லாமல் மூலைகள் தெரியும் படிகமாகவே இருக்கும். அதைச் சுற்றி வெள்ளை வளையம். வளையத்துக்கு வெளியே மெல்லிய கோடாகச் சவ்வு. திசுவை வேதிப்பொருளில் ஊறவைக்காமல் நொடிப்பொழுதில் உறையவைத்துப் பார்க்கும்போது இந்த வெள்ளை வளையம் பெரிதும் குறுகிவிடுகிறது. எனவே அதன் அகலத்தில் ஒரு பங்கு தயாரிப்பு முறையால் வருவது. துத்தநாகச் செறிவை வெறும் கண்ணாலும் காண முடியும். தானமாகக் கிடைத்த கணையத்திலிருந்து லாங்கர்ஹான்ஸ் திட்டுகளைப் பிரித்தெடுக்கும் ஆய்வகங்களில் டைத்தைசோன் என்ற சாயத்தை ஊற்றுவார்கள். துத்தநாகத்தோடு சேர்ந்து சிவக்கும் அந்தச் சாயத்தால் பீட்டா செல்கள் நிறைந்த திட்டுகள் குங்குமப் பொட்டுகளாகத் தனித்துத் தெரியும். சுற்றியுள்ள கணையத் திசு நிறம் மாறாமல் கிடக்கும்.

உள்ளே இவ்வளவும் நடக்கும்போது குமிழி வெளியே நகர்ந்துகொண்டிருக்கிறது. செல்லுக்குள் நுண்குழல்கள் என்னும் புரதத் தண்டவாளங்கள் ஓடுகின்றன. கினெசின் என்ற மோட்டார் புரதம் ஒரு முனையில் குமிழியைப் பற்றிக்கொண்டு, மறுமுனையிலுள்ள இரண்டு கால்களால் அந்தத் தண்டவாளத்தின்மேல் நடக்கிறது. ஓர் அடிக்கு 8 நானோமீட்டர்; ஓர் அடிக்கு ஓர் ஏடிபி செலவு. கோல்கியிலிருந்து விளிம்பு 5 மைக்ரோமீட்டர் தொலைவில் இருந்தால் 625 அடிகளில் சென்றுவிடலாம். கினெசினின் வேகத்தைப் பார்த்தால் சில நொடிகள் போதும். நடப்பது அதுவல்ல. பீட்டா செல்லின் நுண்குழல்கள் மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்சாலைகளாக நீளாமல், சிக்கலான வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. குமிழி சற்று ஓடும், நிற்கும், வேறொரு குழலுக்குத் தாவும், வந்த வழியே திரும்பும். விளிம்பருகே வந்துவிட்ட குமிழியை மீண்டும் உள்ளுக்கு இழுத்துப் போவதும் இதே வலைதான். இன்சுலின் அளவுக்கு மிஞ்சி வெளியேறாமல் காக்கும் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

விளிம்பை ஒட்டி ஆக்டின் என்ற நார்ப்புரதத்தால் ஆன வேலி இருக்கிறது. அதைக் கடக்கக் குமிழி மோட்டாரை மாற்றிக்கொள்கிறது. நுண்குழலில் நடந்த கினெசினுக்குப் பதிலாக ஆக்டின்மேல் நடக்கும் மயோசின் பொறுப்பேற்கிறது. வேலியைத் தாண்டிச் செல்லின் வெளிச்சவ்வை நெருங்கியதும் குமிழி அங்கே கட்டிப்போடப்படுகிறது. பத்தாயிரம் குமிழிகளில் இப்படி வாசலில் நின்று, சைகை வந்த நொடியே திறக்கத் தயாராக இருப்பவை நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டுமே.

குமிழியின் சவ்வும் செல்லின் சவ்வும் தாமாக ஒட்டிக்கொள்ளா. இரண்டுக்கும் நடுவில் நீர்ப்படலம் இருக்கிறது. அதை விலக்கி இரு கொழுப்புப் படலங்களையும் நெருக்க விசை வேண்டும். அந்த விசையைத் தருபவை ஸ்னேர் புரதங்கள். குமிழியின்மேல் விஏஎம்பி2 என்ற ஒன்று. செல்லின் சவ்வில் சின்டாக்சின், ஸ்னாப்-25 என்ற இரண்டு. இவை நீண்ட இழைகள். எதிரெதிரே வந்ததும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, சட்டையின் ஜிப்பை இழுப்பதுபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இறுகுகின்றன. இறுக இறுகச் சவ்வுகள் நெருங்குகின்றன. ஜிப் பாதியில் நிற்கும் நிலைதான் காத்திருக்கும் நிலை. நரம்புச் செல்களும் இதே கருவியைத்தான் பயன்படுத்துகின்றன. டெட்டனஸ் நோயில் உடல் வில்லாக வளைவது, அந்த நோய்க்கிருமியின் நச்சு நரம்பு முனையில் விஏஎம்பி2ஐ அறுத்துவிடுவதால்தான். ஆய்வகத்தில் அதே நச்சைப் பீட்டா செல்லுக்குள் செலுத்தினால் இன்சுலின் வெளியேறுவது நின்றுபோகிறது. குமிழிப் போக்குவரத்தின் இந்த விதிகளைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் மூவரும் 2013இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

திறப்பதற்கான சைகை சர்க்கரையிலிருந்து வருகிறது. ஆனால் சர்க்கரை குமிழியைத் தொடுவதே இல்லை. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 90 மில்லிகிராமைத் தாண்டி ஏறும்போது, பீட்டா செல்லுக்குள் நுழையும் குளுக்கோஸ் கூடி, அது எரிந்து கிடைக்கும் ஏடிபியும் கூடுகிறது. செல்லின் சவ்வில் பொட்டாசியம் கசிந்து வெளியேறும் வாசல் ஒன்று உண்டு; ஏடிபி கூடினால் அது சாத்திக்கொள்ளும். பொட்டாசியம் உள்ளே தங்கிவிட, சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்து கால்சிய வாசல்கள் திறக்கின்றன. வெளியே ஏராளமாக இருக்கும் கால்சியம் உள்ளே பாய்கிறது. வாசலில் நிற்கும் குமிழியின்மேல் உள்ள சினாப்டோடாக்மின் என்ற புரதம் கால்சியத்தைப் பற்றியதும், பாதியில் நின்ற ஜிப் முழுவதும் இழுபடுகிறது. இரு சவ்வுகளும் ஒன்றாகி, நடுவே ஒரு துளை விழுகிறது.

துளைக்கு அப்பால் பிஎச் 7.4. படிகத்தைக் கட்டிக்காத்த புளிப்பு மறைந்துபோகிறது. துத்தநாகமும் நீரில் நீர்த்துப் போகிறது. படிகம் கரைந்து, அறுவர் குழுக்கள் கலைந்து, இன்சுலின் தனித்தனி மூலக்கூறுகளாக இரத்தத்தில் சேர்கிறது. தனி மூலக்கூறாக இருந்தால்தான் அது செல்களின் ஏற்பிகளில் பொருந்தும். கணையத்து இரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கேயே ஏறத்தாழ பாதி இன்சுலின் பிடித்துக்கொள்ளப்படுகிறது.

முதல் பத்து நிமிடங்களில் வாசலில் நின்ற குமிழிகள் திறந்து இன்சுலின் சட்டென்று ஏறி இறங்கும். பிறகு உள்ளேயிருந்து புதியவை வந்துசேர வந்துசேர, மெல்லிய நீரோட்டம்போல் சுரப்பு நீளும். இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் மங்குவது இந்தத் தொடக்க வீச்சு.

இந்தப் பயணத்தில் ஒவ்வொரு படியும் தவறக்கூடியது; தவறும்போதுதான் அந்தப் படி எதற்கு என்பது துலங்குகிறது. 1995இல் பிரிட்டனில் ஒரு பெண்ணைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். சிறு வயதிலிருந்தே கடுமையான உடல்பருமன், கர்ப்பகாலத்தில் நீரிழிவு, சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம். அவருடைய இரத்தத்தில் இன்சுலின் மிகக் குறைவு, புரோஇன்சுலினோ மிக அதிகம். இரண்டாண்டுகளில் காரணம் தெரிந்தது: புரோகன்வர்ட்டேஸ் 1 நொதிக்கான மரபணுவின் இரு பிரதிகளும் பழுது. குமிழிகள் உருவாயின, நகர்ந்தன, திறந்தன. உள்ளே வெட்டுதான் விழவில்லை. புரோஇன்சுலின் இரத்தத்திலிருந்து இன்சுலினைப்போல் விரைவில் நீங்காது. ஆற்றல் குறைந்ததானாலும் நெடுநேரம் தங்கி, உணவின் சர்க்கரை தீர்ந்த பிறகும் வேலை செய்துகொண்டிருந்ததே அந்தப் பிந்திய மயக்கத்துக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. பசியை அடக்கும் ஹார்மோன்களும் இதே நொதியால் வெட்டப்பட வேண்டியவை என்பதால் உடல்பருமனும் சேர்ந்து வந்தது.

கடைசிப் படியில் நேரும் பழுது வேறு விதமானது. பிறந்த சில வாரங்களிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் குழந்தைகளில் பலருக்கு, பொட்டாசிய வாசல் ஏடிபிக்குச் செவிசாய்க்காமல் திறந்தே கிடக்கிறது என்பது 2004இல் தெரியவந்தது. அந்தக் குழந்தைகளின் பீட்டா செல்களில் குமிழிகள் நிறைய இருக்கின்றன. திறக்கச் சொல்லும் சைகைதான் வருவதில்லை. சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் அந்த வாசலை ஏடிபியின் உதவியின்றியே சாத்தவல்லவை. அவற்றைக் கொடுத்ததும் பல குழந்தைகள் இன்சுலின் ஊசியையே விட்டுவிட முடிந்தது.

கழிவாக வெளியேறும் சி-பெப்டைடு மருத்துவருக்கு நல்ல சாட்சி. ஒவ்வோர் இன்சுலின் மூலக்கூறுக்கும் ஒரு சி-பெப்டைடு என்று குமிழியிலிருந்து சம எண்ணிக்கையில் இரண்டும் வெளிவருகின்றன. ஊசிமருந்து இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. ஊசி போட்டுக்கொள்பவரின் இரத்தத்தில் இன்சுலினை அளந்தால், எது மருந்து, எது அவருடையது என்று பிரிப்பது கடினம். சி-பெப்டைடை அளந்தால் அவருடைய குமிழிகள் எவ்வளவு திறக்கின்றன என்பது தெரிந்துவிடும். முதலாம் வகை நீரிழிவு முற்றியவர்களிடம் அது அநேகமாக இல்லாமலே போகும். சர்க்கரை தாழ்ந்து மயங்கியவரிடம் இன்சுலின் மிகுந்தும் சி-பெப்டைடு குறைந்தும் இருந்தால், அந்த இன்சுலின் வெளியிலிருந்து வந்தது.

பீட்டா செல்லின் குமிழிகளில் பெரும்பாலானவை எந்த ஒரு வேளை உணவின்போதும் அழைக்கப்படுவதில்லை. அழைக்கப்படுபவற்றிலும் புதிதாக வந்தவைக்கே முன்னுரிமை கிடைக்கிறது. திறந்த குமிழியின் சவ்வு செல்லின் சவ்வோடு கலந்து, சற்று நேரத்தில் சிறு பைகளாக மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது. அதிலிருந்த புரதங்களில் சில அடுத்த குமிழிக்குப் பயன்படுகின்றன. சில நாள்கள் காத்திருந்தும் அழைப்பு வராத பழைய குமிழி லைசோசோமோடு சேர்க்கப்படுகிறது. அங்கே படிகம் உடைந்து, இன்சுலின் அமினோ அமிலங்களாகப் பிரிந்து, செல்லின் பொதுச் சேமிப்புக்குத் திரும்புகிறது.